ஏறினாள், ஏறினாளாம்

நான் செஞ்சிக்காரி. வரலாறு படித்து, வரலாறே சொல்லிக்கொடுக்க வந்தவள். எங்கள் பகுதியில் ஒரு பெண்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் பாடம் எடுக்கிறேன். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர்களின் போர்க்கோட்டைகள் என்று பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராட்டிரத்தில் இருப்பவை. பன்னிரண்டாவது எங்கள் ஊர்க் கோட்டை. அதையொட்டி, கோட்டைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும்போது கையில் கொடுக்க ஒரு சிறு துணைப்பாட நூல் தயாரிக்கலாம் என்று ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து முடிவு செய்தோம். வரலாற்றுப் பக்கம் என் பொறுப்பு. ஒரே பக்கம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் எழுதி முடித்துவிட்டேன். அந்தப் பத்தி இதுதான்:

"செஞ்சிக் கோட்டையை கி.பி. 1200 வாக்கில் ஆனந்தக் கோன் கட்டத் தொடங்கினார். பின்னர் விஜயநகரப் பேரரசின் கீழ் இது நாயக்கர்களால் விரிவுபடுத்தப்பட்டது. 1649இல் பீஜப்பூர் சுல்தானாலும், 1677இல் சிவாஜியாலும், 1698இல் மொகலாயராலும் கைப்பற்றப்பட்டது. 1714இல் நடந்த போரில் தேசிங்கு ராஜன் கொல்லப்பட்டார். அவரது மனைவி உடன்கட்டை ஏறினார். 1750இல் பிரெஞ்சுக்காரராலும் 1761இல் ஆங்கிலேயராலும் கோட்டை கைப்பற்றப்பட்டது."

பிழை எதுவும் இல்லை என்று நினைத்தேன். மறுநாள் ஒன்பதாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். மூன்றாவது வாக்கியத்திலேயே ஜன்னல் பக்கம் போன தலைகள் திரும்பி வரவில்லை. முடித்ததும், "என்ன ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன். "கைப்பற்றப்பட்டது மிஸ்" என்றாள் முன் பெஞ்சில் ஒருத்தி. வகுப்பே சிரித்தது. அவள் கிண்டல் செய்யவில்லை. உண்மையாகவே அந்தச் சொல் ஒன்றுதான் அவளிடம் தங்கியிருந்தது.

அன்று இரவு அந்தப் பத்தியை எடுத்து வைத்துக்கொண்டு வினைச்சொற்களை மட்டும் பென்சிலால் கோடிட்டேன். விரிவுபடுத்தப்பட்டது. கைப்பற்றப்பட்டது. கொல்லப்பட்டார். மறுபடியும் கைப்பற்றப்பட்டது. எங்கள் ஆயா எழுபத்தெட்டு வருஷம் வாழ்ந்தாள். ஒரு நாளும் அவள் வாயிலிருந்து 'பட்டது' என்று ஒரு வினை வந்ததில்லை. "ஆடு புடிச்சிக்கினு போயிட்டாங்க" என்பாளே தவிர, ஆடு பிடிக்கப்பட்டது என்று சொல்லமாட்டாள். தமிழில் பேசுகிறவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆள் இல்லாமல் வேலை நடக்கும் இந்த வாக்கிய அமைப்பு காகிதத்துக்கென்றே ஆகிவந்தது. அதனால்தான் காதில் போட்டால் நிற்பதில்லை.

அப்போதுதான் இன்னொன்றைப் பார்த்தேன். அந்த ஆறு வாக்கியங்களில் ஒரு ஆள் தானே ஒரு செயலைச் செய்ததாக வருவது இரண்டே இடங்களில். ஆனந்தக் கோன் கட்டத் தொடங்கினார். அவரது மனைவி உடன்கட்டை ஏறினார். சுல்தான்கள், மொகலாயர், வெள்ளைக்காரர் எல்லாரும் 'ஆல்' உருபுக்குப் பின்னால் மறைந்து நிற்கிறார்கள். தேசிங்கைக்கூட யாரோ கொன்றிருக்கிறார்கள். பத்தி முழுவதிலும் வரும் ஒரே பெண், பெயர்கூட இல்லாதவள், அவள் மட்டும் தானாகவே நடந்து போய் நெருப்பில் ஏறுகிறாள். யாரும் அவளை ஏற்றவில்லை. அப்படி எழுதியது நான். பெண்ணியம் பேசுகிறவள் என்று பெயர் வாங்கியிருக்கும் நான்.

எரிச்சலோடு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

இரண்டாவது முறை ஆயாவை நினைத்துக்கொண்டு எழுதினேன். சாயங்காலத்தில் திண்ணையில் முறத்தை வைத்து மல்லாட்டை உடைத்துக்கொண்டே அவள் தேசிங்கு ராஜன் கதை சொல்வாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. பெரிய எழுத்துக் கதைப்புத்தகத்தைத் தாத்தா வாசிக்கக் கேட்டதும், கூத்தில் பார்த்ததும், நடவு வயலில் காதில் விழுந்ததும் கலந்த கதை அது. அவள் ஒரு நாளும் 1200இலிருந்து ஆரம்பித்ததில்லை. "ஆத்துல தண்ணி ரெண்டு கரையும் தொட்டுக்கினு போவுது" என்றுதான் ஆரம்பிப்பாள். அக்டோபர் மாதம், மழைக்காலம், சங்கராபரணியில் வெள்ளம். அந்தப் பக்கம் ஆற்காட்டு நவாபின் படை. இந்தப் பக்கம் இருபத்திரண்டு வயதுப் பையன், பின்னால் சில நூறு குதிரைக்காரர்கள். கேட்கிறவளுக்கு இரண்டே கேள்விதான்: ஆற்றில் இறங்குவானா, மாட்டானா? ஏன் இறங்குகிறான்?

நானும் அப்படியே தொடங்கினேன். ஏழு ஆண்டுகளில் ஆறைத் தூக்கிவிட்டு 1714ஐ மட்டும் வைத்துக்கொண்டேன். கோட்டைக்காரன் சொரூப் சிங் புந்தேலகண்டத்து ராஜபுத்திரர். ஔரங்கசீப் காலத்தில் கோட்டைப் பொறுப்பு அவருக்கு வந்தது. அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங், தமிழ் வாயில் தேசிங்கு, அந்த இடத்தில் உட்கார்ந்தான். நவாப் சாதத்துல்லா கான் பல வருஷத்துக் கப்பப் பாக்கியைக் கேட்டார். அப்பாவுக்குப் பாதுஷா கொடுத்த உரிமை எனக்கும் உண்டு, பாக்கி கட்டமாட்டேன் என்றான் மகன். சண்டையின் காரணம் இவ்வளவுதான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வது சுலபம். கடன் வாங்கிய வீட்டுக்கு வசூல்காரர் வருவது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாததில்லை.

அதன்பிறகு நண்பன் மாவுத்துக்காரன். மகமது கான். வழுதாவூரில் கலியாணப் பந்தலில் இருந்தவன் செய்தி கேட்டு எழுந்து வருகிறான். ஆற்றைக் கடக்கிறார்கள். இருவரும் சாகிறார்கள். கடைசியில் ராணி. செட்டிக்குளக் கரை, சந்தனக் கட்டை, மஞ்சள் சேலை, கூப்பிய கை. அந்த நாலைந்து வரியை நான் மிகவும் அழகாக எழுதினேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

இந்த முறை ஜன்னல் பக்கம் ஒரு தலையும் போகவில்லை. முடித்தபோது வகுப்பில் சத்தமே இல்லை. பின் பெஞ்சில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். மணி அடித்து வெளியே போகும்போது ஒருத்தி என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள்: "இப்படி ஒரு லவ் இருந்தா போதும் மிஸ். நானா இருந்தாலும் அவங்கள மாதிரிதான் மிஸ் போயிருப்பேன்."

அவளுக்குப் பதினான்கு வயது.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். முதல் பத்தியைக் கேட்டிருந்தால் அவள் அதை மறந்திருப்பாள். இரண்டாவதைக் கேட்டு, நெருப்பில் தன்னை வைத்துப் பார்த்துக்கொண்டாள். கதைசொல்லியின் குரலுக்குச் சக்தி இருக்கிறது என்று எல்லாரும் சொல்வதுதான். அந்தச் சக்தி எந்தப் பக்கம் தள்ளும் என்பது அந்தக் குரலில் தானாக அடங்கியிருக்காது.

இது முந்நூறு வருஷத்துக்கு முந்தைய சமாச்சாரம், இப்போது யார் உடன்கட்டை ஏறப்போகிறார்கள் என்று கேட்கலாம். சென்னை மாகாணத்தில் 1830இலேயே சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். ஆனால் 1987இல் ராஜஸ்தானில் தேவ்ராலா கிராமத்தில் ரூப் கன்வர் என்ற பதினெட்டு வயதுப் பெண் கணவனின் சிதையில் எரிந்துபோனாள். அந்த இடத்துக்கு ஆயிரக்கணக்கானவர்கள் தேங்காயும் பூவும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு வந்த சட்டம், சதியைச் செய்யவைப்பதை மட்டுமல்ல, அதைப் போற்றிக் கொண்டாடுவதையும் குற்றம் என்றது. ஏனென்றால் அந்த நெருப்பு விறகால் மட்டும் எரிவதில்லை, பாட்டாலும் எரிகிறது. பழைய கதையைப் பழைய கதையாகச் சொல்வது குற்றமாகாது. ஆனால் சந்தனக் கட்டையையும் மஞ்சள் சேலையையும் நான் எங்கிருந்து எடுத்தேன்? எந்த ஏட்டிலும் பார்க்கவில்லை. கண்ணீர் வரவைக்க நானே போட்டவை அவை. ஒரு வரலாற்று ஆசிரியை ஒரு சிதையை அலங்கரித்திருந்தாள்.

மூன்றாவது முறை எழுத ஒரு வாரம் ஆனது. பழைய படிக்குப் போவதா, பத்தியையே நீக்கிவிடுவதா என்று குழம்பினேன். நீக்கினாலும் பிள்ளைகள் குளக்கரை மேடையைப் பார்க்கத்தான் போகிறார்கள். அங்கே யாராவது சொல்லத்தான் போகிறார்கள். அப்போதுதான் ஆயாவின் குரல் மறுபடி காதில் விழுந்தது. இந்த முறை கதைக்காகக் கேட்கவில்லை, வினை முடிவுகளுக்காகக் கேட்டேன்.

"ஆத்துல எறங்குனானாம். குதிர கழுத்து வரிக்கும் தண்ணியாம். அப்பவும் திரும்பலியாம்."

ஆம். ஆயா எல்லாவற்றிலும் அந்த ஓரசை வாலை ஒட்டிவிடுவாள். நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன் என்ற பொறுப்பு அதில் இருக்கிறது. அவளே பார்த்ததைச் சொல்லும்போது ஒட்டமாட்டாள். "அம்பத்தொம்பதுல புயலுல நம்ம கூரை போச்சு" என்பாள், போச்சாம் என்று சொல்லமாட்டாள். எழுத்தறியாத ஒரு கிழவி, தன் வாயில் வரும் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஆதாரம் என்ன என்பதைச் சொல்லிக்கொண்டே போயிருக்கிறாள். முதுகலை படித்த நான் எழுதிய பத்தியில் எல்லாம் ஒரே நிறம். கல்வெட்டில் இருப்பதும், பாட்டில் இருப்பதும், யாரோ யூகித்ததும் ஒரே 'ஆர்', ஒரே 'அது'. உண்மையில் அந்த 1200 ஆனந்தக் கோன்கூட மிகப் பிற்காலத்தில் எழுதிய ஏடுகளிலிருந்து வருகிறவர்தான். அவருக்கும் ஓர் 'ஆம்' போட்டிருக்க வேண்டும்.

எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். கல்லோ காகிதமோ இருந்தால் நேர்வினை: வந்தான், கேட்டார், செத்தான். வாய்வழி மட்டும் என்றால் 'ஆம்': இறங்கினானாம், எழுந்து வந்தானாம். இரண்டும் இல்லாத இடத்தில் நான் நிரப்பக் கூடாது, கேள்வியாக விட வேண்டும்.

விதியைப் பத்தி மேல் வைத்துப் பார்த்தேன். தேசிங்கும் நவாபும் மோதியது, 1714, தேசிங்கு இறந்தது, இவை நேர்வினை. வெற்றி பெற்ற நவாப் கோட்டைக்குள்ளேயே ஒரு மசூதி கட்டினார். சாதத்துல்லா கான் மசூதி இன்றும் நிற்கிறது, பாரசீகக் கல்வெட்டோடு. எனவே அதுவும் நேர்வினை. மாவுத்துக்காரன் கலியாணப் பந்தலிலிருந்து எழுந்தது பாட்டு. எனவே எழுந்தானாம். ராணி? செட்டிக்குளக் கரையில் ஒரு மேடையைக் காட்டுகிறார்கள். அங்கேதான் அவனை எரித்தார்களாம், அவளும் எரிந்தாளாம். அவள் பெயரைத் தேடினேன். பாட்டு ராணியம்மாள் என்கிறது. சில புத்தகங்கள் ராணிபாய் என்கின்றன. ராணி என்பது பதவி. அம்மாள், பாய் என்பவை மரியாதை. இரண்டையும் கழித்துவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவள் பேசியதாக நம்மிடம் இருப்பதெல்லாம் பாட்டுக் கட்டியவர்கள் அவள் வாயில் வைத்த சொற்கள். அப்படியானால் அவள் ஏறினாளா, ஏற்றினார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? 'ஏறினார்' என்ற அந்த ஒரு நேர்வினையை எழுத என்னிடம் ஓர் ஆதாரமும் இருக்கவில்லை.

ஆனால் இந்த விதியிலும் ஒரு குழி இருக்கிறது. மூன்றாவது படியின் முதல் வரைவில் எல்லா வரியிலும் 'ஆம்' வந்துவிட்டது. வாசித்ததும், "அப்போ எல்லாமே பொய்யா மிஸ்?" என்றார்கள். எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டால் எதற்குமே ஆதாரம் இல்லை என்று காது எடுத்துக்கொள்கிறது. நேர்வினை நாலு வந்த பிறகு ஓர் 'ஆம்' வந்தால்தான் அந்த மாற்றம் கேட்கும். அதனால் நிச்சயமானவற்றை முதலில் அடுக்கி, கரையில் வந்து நிற்கும்போது குரலை மாற்றினேன்.

இந்த இடத்தில்தான் நான் துரத்திவிட்ட ஆண்டுகள் திரும்பி வந்தன. ஆற்காட்டுக்கு எதிர்க்கரையில் பாலாற்றை ஒட்டி ராணிப்பேட்டை இருக்கிறது. தேசிங்கின் மனைவியைப் பெருமைப்படுத்த நவாப் சாதத்துல்லா கான் அந்த ஊரை உண்டாக்கினார் என்று சொல்வார்கள். 1771 வாக்கில் என்று ஆண்டும் போட்டு வைத்திருக்கிறார்கள். நானும் அதை அப்படியே குறித்து வைத்திருந்தேன். கரும்பலகையில் இரண்டே இரண்டு எண்களை எழுதினேன். சாதத்துல்லா கான் இறந்தது 1732. ஊர் உண்டானதாகச் சொல்வது 1771. கழிக்கச் சொன்னேன்.

"முப்பத்தொம்பது."

"செத்து முப்பத்தொம்பது வருஷம் கழிச்சு வந்து ஊர் கட்டுனாரா மிஸ்?"

வகுப்பு அதிர்ந்தது. பேய் கட்டிய ஊர் என்றார்கள். ஊரின் பெயரில் ராணி இருப்பது உண்மை, அது எந்த ராணி, யார் வைத்தது என்பதற்கு 'ஆம்' போட வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பிடிக்காதவை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வரிசையாக ஒப்பிக்கச் சொன்னால் பிடிக்காது. ஒரு பொய்யைப் பிடிக்கக் கொடுத்தால் விடமாட்டார்கள். கதை சொல்கிறவளுக்கு ஆண்டு தேவையில்லை என்பதும் தப்பு. மடியில் இரண்டை முடிந்து வைத்திருக்க வேண்டும். கேட்கும் நேரத்தில் அவிழ்க்க வேண்டும்.

அன்றைக்கு இன்னொரு கேள்வியும் வந்தது. காதல் என்று சொன்ன அதே பெண் எழுந்தாள். "மாவுத்துக்காரன் பந்தல்ல விட்டுட்டு வந்தான்ல மிஸ், அந்தக் கலியாணப் பொண்ணு என்ன ஆனா?"

ஆயாவிடம் நான் எத்தனையோ முறை அந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன். இதைக் கேட்கத் தோன்றியதில்லை. நான் கேட்ட கதையில் மணப்பெண் பந்தலோடு சரி. சாகாததால் கதைக்கு அவள் வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கேள்விதான் எனக்கு இன்னொருத்தியை நினைவூட்டியது. என் முதல் பத்தியில், '1698இல் மொகலாயராலும்' என்ற இரண்டு சொற்களுக்குள் அவள் கிடந்தாள். சிவாஜியின் மகன் ராஜாராம் 1689 இறுதியில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டு மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் கோட்டையைச் சூழ்ந்தார். விழுந்தது 1698 தொடக்கத்தில். ஏறக்குறைய எட்டு வருஷம். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வரும் காலம். அந்த முற்றுகைக்கு நடுவில் ராஜாராமின் மனைவியர் இங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி தாராபாய். 1675இல் பிறந்தவள், தளபதி அம்பீர்ராவ் மோகித்தேயின் மகள். 1696இல் அவளுக்கு இந்தச் செஞ்சியிலேயே ஒரு மகன் பிறந்தான். வெளியே பீரங்கி, உள்ளே இருபத்தொரு வயதுப் பெண்ணின் பிரசவம். கோட்டை விழும் முன்பே ராஜாராம் தப்பிப் போனார். குடும்பத்துப் பெண்களும் குழந்தைகளும் பிடிபட்டார்கள், பிறகு விடுபட்டு மகாராட்டிரம் போய்ச் சேர்ந்தார்கள். 1700இல் ராஜாராம் இறந்தார்.

தாராபாய் அப்போது விதவை. வயது இருபத்தைந்து. செஞ்சியில் பெற்ற நாலு வயதுப் பிள்ளையை அரியணையில் உட்காரவைத்து, ஔரங்கசீப் 1707இல் சாகும்வரை அவருடைய படைகளை எதிர்த்து மராட்டியப் போரை அவளே நடத்தினாள். 1761 வரை உயிரோடு இருந்தாள். இதில் ஓர் 'ஆம்' கூட வேண்டாம். எல்லாம் நேர்வினை. எங்கள் ஊரில் அவளுக்குப் பாட்டில்லை, அவள் பெயர் சொல்லி யாரும் ஓர் இடத்தைக் காட்டுவதில்லை. கணவனோடு செத்ததாகச் சொல்லும் பெண்ணுக்குப் பெயர் தெரியாமலே பாட்டு இருக்கிறது. கணவன் செத்த பிறகு வாழ்ந்தவளுக்குப் பெயரும் ஆண்டும் இருந்தும் என் பத்தியில் ஒரு சொல் கிடைக்கவில்லை.

கடைசியாக அச்சுக்குப் போன பத்தி இது. இதைவிட நன்றாக எழுத முடியலாம். வாய்விட்டு வாசிக்க எழுதியது.

"சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் போகிறது. 1714, அக்டோபர். ஒரு கரையில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படை. மறு கரையில் செஞ்சியின் தேசிங்கு. வயது இருபத்திரண்டு. அப்பா காலத்துக் கப்பப் பாக்கியைக் கட்டு என்று நவாப் கேட்டார். கட்டமாட்டேன் என்றான் தேசிங்கு. அவனோடு இருந்தவர்கள் சில நூறு பேர். அவன் நண்பன் மகமது கான் கலியாணப் பந்தலிலிருந்து எழுந்து ஓடி வந்தானாம். ஆற்றில் இறங்கியபோது குதிரையின் கழுத்துவரை தண்ணீராம். சண்டையில் தேசிங்கு செத்தான். நவாப் கோட்டைக்குள் கட்டிய மசூதியை நீங்கள் இன்று பார்க்கலாம். செட்டிக்குளக் கரையில் ஒரு மேடையைக் காட்டுவார்கள். தேசிங்கின் மனைவி அங்கே அவனோடு எரிந்தாளாம். அவள் பெயர் என்ன? அவளை யாராவது கேட்டார்களா? இதே கோட்டையில் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், முற்றுகைக்கு நடுவில், ஒரு பெண் பிள்ளை பெற்றாள். அவள் பெயர் தாராபாய். கணவன் இறந்த பிறகு அவள் படையை நடத்தினாள்."

குழுவில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. கேள்விக்குறி பாடப்புத்தகத்துக்கு அழகில்லை என்றார் ஒருவர். ராணியம்மாவின் தியாகத்தைச் சந்தேகப்படுவது போலிருக்கிறது என்றார் இன்னொருவர். தியாகம் என்று சொல்ல அவளுடைய வாக்குமூலம் வேண்டும், அது நம்மிடம் இல்லை என்றேன். நீண்ட பேச்சுக்குப் பிறகு இரண்டு கேள்விகளும் நின்றன. பதிலுக்கு நான் விட்டுக்கொடுத்தது, பக்கத்தின் அடியில் ஒரு பெட்டிக்குள் அந்த ஏழு ஆண்டுகளும் வரிசையாக இருக்கின்றன. தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வி அங்கிருந்துதான் வரும். அதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மதிப்பெண்ணும் எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை வெயில் ஏறும் முன் கோட்டைக்குப் போனோம். கல்யாண மகால், நெற்களஞ்சியம், மசூதி எல்லாம் பார்த்துவிட்டுச் செட்டிக்குளக் கரைக்கு வந்தோம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா எங்களைப் பார்த்ததும் அருகில் வந்து, கையை நீட்டி மேடையைக் காட்டினார்.

"இங்கதாம்மா அந்த ராணியம்மா நெருப்புல எறங்குனாங்களாம்."

நாற்பது பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காதல் என்று சொன்ன அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். 'ஆம்.' பிறகு அந்த அம்மாவிடம் போய் உட்கார்ந்தாள்.

"அவங்க பேரு என்ன ஆயா?" என்று கேட்டாள்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "ராணியம்மாதான்" என்றார். இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேரு ஒண்ணு இருந்திருக்கும் இல்ல?" என்றார்.